வாழ்த்துக்கு வால் முளைக்கிறது

காரைக்குடிப் பக்கம் ஒருவர் வேலை மாறியிருக்கிறார் என்றால், அதை ஊருக்குச் சொல்ல அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தால் போதும். பந்தியில் இலை விழுவதற்குள் எந்தக் கம்பெனி, எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், அவருக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. சம்பளத்தில் மட்டும் ஒரு சைபர் கூடியிருக்கலாம். குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

அடுத்தது கைகுலுக்கல். "வாழ்த்துகள் தம்பி, ரொம்பச் சந்தோஷம், அப்பச்சிக்கு எவ்வளவு பெருமை!" இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பிடித்த கை இன்னும் விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம்பி மெல்ல இழுக்கிறார், வரவில்லை. "அப்புறம் ஒண்ணு... நம்ம தங்கச்சி மகன் ஒருத்தன் பி.இ. முடிச்சிட்டுச் சும்மாதான் இருக்கான். ஒங்க கம்பெனியில ஒரு வார்த்தை சொன்னா..." தம்பி அந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. கழிப்பறை எந்தப் பக்கம் என்பதே நேற்றுதான் பிடிபட்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "பயோடேட்டா அனுப்பச் சொல்லுங்கண்ணே, பாக்கலாம்." நம்மூரில் இதற்கு 'போய்வாருங்கள்' என்று பொருள்.

வாழ்த்தின் பின்னால் வரும் இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் வால் என்பேன். வால் முளைத்தவுடன் வாழ்த்து செத்துப்போகிறது. கேட்டவருக்கு அதற்கப்புறம் 'வாழ்த்துகள்' என்ற சொல் நினைவில் இருப்பதில்லை. தங்கச்சி மகன் மட்டும்தான் இருக்கிறான்.

ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஆசை உண்டு. ஆசையை வைத்துத்தான் என் பிழைப்பே நடக்கிறது. ஆத்தங்குடியில் சொந்தக்காரர் ஒருவர் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே கல் போடுவது அவர்கள் வேலை. ஆர்டர் பிடிப்பது, லாரி ஏற்றிவிடுவது, பணம் வாங்குவது ஆகிய மூன்றும் என் வேலை. மூன்றாவதுதான் முழுநேர வேலை.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வீடு கட்டுகிறவர் ஆயுளில் ஒருமுறைதான் தரை போடுகிறார். ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்க மினுமினுப்பு ஏறுகிற சாதி. நன்றாகப் போட்டுவிட்டால் அவர் பேரன் காலம் வரை நம்மைத் தேட மாட்டார். நல்ல சரக்கு விற்பதில் இருக்கிற பெரிய நஷ்டம் இதுதான். ஆக, எங்களுக்கு வாழ்வு கொடுப்பவர்கள் வீட்டுக்காரர்கள் இல்லை. பல வீடுகளுக்கு, பல கட்டடங்களுக்குத் தரை வாங்கிப் போடுகிற பர்ச்சேஸ்காரர்கள். அவர்களில் ஒருவர் வேலை மாறினால் எங்கள் பட்டறையின் ஒரு வருஷக் கணக்கே மாறும். அதனால்தான் வாழ்த்துச் சொல்வது எனக்கு மரியாதையாக இருப்பதோடு தொழிலாகவும் இருக்கிறது.

போன புரட்டாசியில் அப்படி ஒருவர் மாறினார். சென்னையில் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்த தம்பி. சதுர அடிக்கு ஐம்பது காசுக்காக அரை மணி நேரம் வாதாடுவார். ஆனால் பணம் தருகிறேன் என்று சொன்ன தேதியில் தந்துவிடுவார். முதல் குணம் உள்ளவர்கள் உலகத்தில் நிறைய. இரண்டாவதும் சேர்ந்திருந்தால் விடக் கூடாது. அவர் போன இடமோ, பழைய பங்களாக்களையும் பெரிய வீடுகளையும் வாங்கி ஓட்டலாக மாற்றுகிற நிறுவனம். செட்டிநாட்டு வீடுகள் எத்தனையோ இப்படி ஓட்டலாகியிருக்கின்றன என்பதை இந்தப் பக்கம் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பழைய வீடு என்றால் பழைய தரை. பழைய தரை என்றால் உடைந்த கல். உடைந்த கல் என்றால் நான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

செய்தி வந்தது லிங்க்ட்இன் வழியாக. பெங்களூரில் இருக்கும் என் மகன் அதை என் போனில் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். அதில் ஒரு சௌகரியம்: யாராவது வேலை மாறினால் அதுவே சொல்லும், என்ன வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அதுவே எழுதிக் காட்டும், நாம் அமுக்கினால் போதும். அந்தத் தம்பியின் செய்திக்குக் கீழே போய்ப் பார்த்தேன். ஒரே வாசகம் வரிசையாக நின்றது, ஒரு எழுத்து மாறாமல், ரேஷன் கடை க்யூ மாதிரி. அந்த வரிசையில் கடைசி ஆளாய் நின்று மண்ணெண்ணெய் வாங்க எனக்கு விருப்பம் இல்லை.

மேலும், அந்தச் செய்தியை அப்படியே நம்பவும் கூடாது. புது வேலை, அதே கம்பெனியில் பதவியின் பெயர் மட்டும் மாறியது, அதே நாற்காலியில் ஐந்து வருஷம் முடிந்தது எல்லாமே ஏறக்குறைய ஒரே சட்டை போட்டுக்கொண்டுதான் வந்து நிற்கும். கம்பெனி பெயர் மாறியிருக்கிறதா, சேர்ந்த மாதம் எது என்று இரண்டு வரி கீழே போய்ப் பார்த்துவிட வேண்டும். செக்காலை ரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு சிமெண்டுக் கடைக்காரர் பார்க்கவில்லை. ஐந்து வருஷம் முடித்த ஒருவருக்கு, "புது இடத்தில் நன்றாக இருங்கள்" என்று எழுதிவிட்டார். அந்த மனிதர் பதறிப்போய் இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தார்: "அண்ணே, என்னைத் தூக்கப் போறாங்களா? ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கம்பெனியும் மாதமும் சரியாக இருந்தன. உடனே எழுத வேண்டியதுதானே என்றால், அதுவும் இல்லை. இதில் நேரம் பார்க்க வேண்டும், முகூர்த்தம் பார்க்கிற மாதிரியே. இப்போது பெரிய கம்பெனிகளில் ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதம், சில இடங்களில் மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த இடைக்காலத்தில் நமக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிடும். அப்போது நாலு பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில் "புது வேலைக்கு வாழ்த்துகள்" என்று போட்டால், அந்த நாலு பேரில் ஒருவர் அவருடைய பழைய முதலாளியின் மைத்துனராக இருப்பார். இது காரைக்குடி; இருப்பார். எனவே ஆள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாகிவிட்டது என்று அவரே சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

உட்கார்ந்த முதல் வாரத்திலும் பயனில்லை. அடையாள அட்டைக்குப் போட்டோ, புது கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு, ஒவ்வொரு மாடியாக அழைத்துப் போய் அறிமுகம் என்று அந்த வாரம் ஓடிவிடும். வருகிற வாழ்த்தெல்லாம் ஒரே குவியலாகச் சேரும். மூன்றாவது வாரம்தான் நல்லது. அதற்குள் குவியல் வற்றியிருக்கும். வேலையின் உண்மையான முகமும் தெரிய ஆரம்பித்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாருடன் உட்காருவது என்று தெரியாமல், பழைய இடமே தேவலையோ என்று ஒரு நினைப்பு வருகிற நேரம் அது. அப்போது பழைய மனிதர் ஒருவரிடமிருந்து நாலு வரி வந்தால் அதை முழுசாகப் படிப்பார்கள்.

இந்தப் பொறுமையை நான் எங்கள் ஐயாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஐயா என்றால் அப்பச்சியின் அப்பா. பினாங்கில் வட்டிக்கடையில் இருந்தவர். அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கேட்டால் இன்றைய கம்பெனிகள் வெட்கப்படும். பையன் முதலில் பெட்டியடிப் பையனாகப் போவான். கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சில்லறை எடுத்துக் கொடுத்து, கடைக்குக் கடை ஓடி, கணக்கெழுதப் படிப்பான். கொஞ்சம் தேறினால் அடுத்தாள். பிறகுதான் கடையையே பொறுப்பாக நடத்துகிற மேலாள். ஏஜெண்டு என்றும் சொல்வார்கள். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறினால் மூன்று வருஷம். அது முடிந்து, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, சில காலம் இருந்துவிட்டு, மறுபடி அதே முதலாளியிடமோ வேறு முதலாளியிடமோ சீட்டு எழுதிக்கொண்டு போவார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பல் எத்தனை பெட்டியடிப் பையன்களை ஏற்றிப்போய் எத்தனை ஏஜெண்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தது என்பதற்குக் கணக்கில்லை. சிங்கம்புணரிக்காரரான எழுத்தாளர் ப. சிங்காரம் 1938இல் இந்தோனேஷியாவின் மேடானுக்குப் போனதும் ஒரு வட்டிக்கடை வேலைக்குத்தான்.

கிட்டங்கி என்று ஒன்று இருந்தது. நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, ஒரு பாய். பக்கத்துப் பெட்டியில் இருக்கிற பையன் இன்று சில்லறை எண்ணுகிறான். இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தால் அவனே ஒரு கடையின் ஏஜெண்டு. யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பதை அவன் முடிவு செய்வான். அதனால் கிட்டங்கியில் புத்தியுள்ளவர்கள் பெட்டியடிப் பையனிடமும் 'வாங்க, போங்க' என்றே பேசினார்கள் என்று ஐயா சொல்வார். புத்தியில்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்றும் சொல்வார். அவர்களுக்கு அந்தப் பையன் ஏஜெண்டான அன்றைக்குத்தான் திடீரென்று மரியாதை ஊறும். பலகாரத்தட்டோடு போய் நிற்பார்கள். தட்டின் அடியில் கடன் விண்ணப்பம் இருக்கும்.

ஐயா ஊரிலிருந்து அப்படி ஏஜெண்டானவர்களுக்குக் கடிதம் எழுதுவார். மேலே ஒரு பிள்ளையார் சுழி, நடுவில் அந்த வீட்டு மழை, மாடு, மகளின் பிரசவம் பற்றிய செய்தி, ஒரு வரி சந்தோஷம், முடிவில் ஒரு கேள்வி. "அங்கே இப்போது ரப்பர் என்ன விலை போகிறது?" அவ்வளவுதான். விலை தெரிந்து ஐயா என்ன செய்யப் போகிறார்? ஒன்றும் இல்லை. ஆனால் பதில் எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. புதிதாகப் பொறுப்பேற்றவனுக்கு, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்வதைவிடப் பெரிய சுகம் கிடையாது. மூன்று வருஷம் கழித்து அவர் ஊர் திரும்பும்போது வீட்டுத் திண்ணையில் பேச்சுத் தொடங்கும் இடம் அந்த ரப்பர் விலைதான்.

எனக்கு மூன்று வருஷம் தாங்காது. மூன்று வாரம் தாங்கினேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்தேன் என்பதே தப்பு. எங்கள் வீட்டில் யாரும் தனியாக ஒன்றை எழுதிவிட முடியாது.

மகன் போனிலேயே ஒன்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னான். "தங்களின் புதிய பயணத்தில் இணைந்து வளர்வதற்கான வாய்ப்புகளை ஆராய, இந்த வாரம் பதினைந்து நிமிடம் ஒதுக்க இயலுமா?" அவன் கம்பெனியில் இப்படித்தான் பேசிக்கொள்வார்களாம், சாப்பிடவும் இப்படித்தான் கூப்பிடுவார்களோ என்னவோ. இதில் இருக்கிற சிக்கல், பதினைந்து நிமிடம் என்பது கேட்கச் சின்னதாக இருந்தாலும் அது ஒரு கடன். இந்த வாரம் என்றால் கெடுவும் வைத்தாகிவிட்டது. சேர்ந்து மூன்று வாரமே ஆனவர் யாருக்கு நேரம் ஒதுக்கலாம் என்பதே அவருக்கு இன்னும் தெரியாது.

பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும் என்று முடி, அதுதான் மரியாதை" என்றார். கடைத் திறப்பு விழா நோட்டீசுக்கு அது நன்றாகத்தான் இருக்கும். கூடவே எங்கள் கல் படங்கள் எல்லாவற்றையும், விலைப்பட்டியலையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். வால் என்று நான் சொன்னது ஒன்றுதான். அண்ணன் மயில் தோகையே விரித்துவிட்டார்.

கடைசியில் போனது இது:

"தம்பி, புது இடத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று பார்த்தேன், ரொம்பச் சந்தோஷம். போன வருஷ மழையில் லாரி ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றபோது, ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, ஒரு கல் உடையாமல் இறக்க வைத்தீர்களே, அதைப் பட்டறையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வீடுகளைக் கையில் எடுக்கிற இடத்துக்குத் தரையைக் குனிந்து பார்க்கிற ஆள் போயிருப்பது நல்லதுதான். முதலில் அங்கே நிலைகொள்ளுங்கள். பிறகு எப்போதாவது ஒரு பழைய தரையைப் பார்த்து இது என்ன கல், எப்படிச் சரிசெய்வது என்று கேட்கத் தோன்றினால் ஒரு போன் போடுங்கள். ஆர்டர் இருந்தால்தான் போட வேண்டும் என்பதில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம், வேலையைப் பாருங்கள்."

லாரி விஷயத்தை ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். 'திறமைசாலி, உழைப்பாளி' என்றால் அது யாருக்கும் பொருந்தும். அமுக்குகிற பொத்தானில் வருவதும் அதுதான். ஒன்பது மணி லாரி அவர் ஒருவருக்குத்தான் பொருந்தும். அந்த ராத்திரி அவர் மேலதிகாரிகள் யாரும் பார்க்கவில்லை, நாங்கள் பார்த்தோம் என்பதும் அதில் இருக்கிறது. இந்த ஒரு வரி கிடைக்கவில்லை என்றால், அந்த ஆளோடு நமக்கு அவ்வளவு பழக்கம் இல்லை என்று அர்த்தம். அப்போது 'வாழ்த்துகள்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். இட்டுக்கட்டக் கூடாது, பர்ச்சேஸ்காரர்கள் பொய்யைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவர்கள்.

போன் போடும் வரியில் மூன்று விஷயம் பார்த்துக்கொண்டேன். எப்போது என்பது அவர் கையில். என்ன பேச்சு என்பது அவர் புது வேலைக்கு உதவுகிற விஷயம், என் கல்லாப்பெட்டிக்கு உதவுவதில்லை. பேசினால் வாங்க வேண்டுமோ என்ற பயமும் இல்லை. கதவைத் திறந்து வைத்தேன். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கவில்லை.

கடைசி வரியில்தான் வீட்டில் சண்டை. "பதில் வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டா அவரு எப்படிப் பதில் போடுவாரு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பழைய சப்ளையரிடமிருந்து செய்தி வந்தாலே, 'இவர் ஏதோ கேட்கப் போகிறார்' என்று அவர்களுக்கு முதுகு விறைக்கும். பதிலே வேண்டாம் என்று பார்த்தவுடன் அந்த விறைப்புத் தளரும். தளர்ந்த கை தானாகவே நாலு எழுத்துத் தட்டும். அன்று சாயங்காலமே வந்தது: "நன்றி அண்ணே" என்று ஒரு வரியும் ஒரு கும்பிடும். மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். இதற்குமேல் எதிர்பார்க்கிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

மனைவிக்கு மனசு ஆறவில்லை. ஒரு டின் மாவுருண்டையும் ஒரு டின் தேன்குழலும் அந்த ஓட்டல் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பலாம் என்றாள். பழைய கம்பெனியில் இருந்தபோது தீபாவளிக்கு அனுப்புவோம். எல்லோரும் சேர்ந்து தின்பார்கள். இப்போது கூடாது என்று தடுத்தேன். பெரிய கம்பெனிகளில் பர்ச்சேஸ் பார்ப்பவர்கள் சரக்குக் கொடுப்பவர்களிடம் பரிசு வாங்குவதற்குச் சட்டதிட்டம் வைத்திருப்பார்கள். சேர்ந்த மூன்றாவது வாரம் ரிசப்ஷனில் இவர் பேருக்குக் காரைக்குடியிலிருந்து இரண்டு டின் வந்து இறங்கினால், அவர் மாவுருண்டையை உருட்டி வாயில் போடுவதற்கு முன்னால் நாலு பேருக்கு மெயிலில் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அன்பாக அனுப்பிய சாமான் விசாரணைக் கமிஷனில் முடியும். எனவே டின்கள் வீட்டிலேயே தங்கின. நாட்டு நலனுக்காக நானே அவற்றைத் தீர்த்துவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. இதுதான் கஷ்டமான கட்டம். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. அண்ணன் தினமும் 'என்னாச்சு' என்றார். காலை வணக்கப் படம் ஒன்றாவது அனுப்பிவைக்கச் சொன்னார், ரோஜாப்பூவும் தேநீர்க்கோப்பையும் போட்டு. தினம் ஒரு ரோஜாப்பூ அனுப்புகிறவரின் பெயரை ஜனங்கள் சத்தமில்லாமல் அணைத்துவைத்துவிடுகிறார்கள். பிறகு முக்கியமான விஷயம் அனுப்பினாலும் அது அந்த ரோஜாப்பூக்களுக்கு அடியில்தான் கிடக்கும்.

மார்கழியில் ஒருநாள் போன் வந்தது. "அண்ணே, ஆத்தங்குடிக் கல்லை பாத்ரூமுக்குப் போடலாமா? இங்க டிசைனர் கேக்குறாங்க." இருபது அறை, இருபது குளியலறை. அண்ணன் பக்கத்தில் நின்று 'போடலாம், போடலாம்' என்று வாயசைத்தார். போட வேண்டாம் என்று சொன்னேன். எங்கள் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் சாந்து போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைப்பது. கண்ணாடியைப் பிரித்தால் அதன் மினுமினுப்புத்தான் கல்லின் மினுமினுப்பு. மொத்தமும் சிமெண்டு. ஓட்டல் குளியலறையில் கறை போக ஆசிட் ஊற்றாமல் இருக்க மாட்டார்கள். ஆசிட் பட்டால் சிமெண்டு அரிக்கும், முகம் வெளுத்துச் சொரசொரக்கும். பிறகு திட்டு முழுக்க வாங்கிப் போட்டவருக்குத்தான். கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் போடுங்கள், தண்ணீரும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும் என்றேன்.

அரை மணி நேரம் பேசினார். அவர்கள் எடுத்திருக்கிற ஒரு வீட்டின் முகப்பில் உடைந்த கல் நிறைய என்றார். உடைந்த கல்லின் மேல் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள், கனத்தையும் பக்கவாட்டில் எடுங்கள், பழைய அளவு இன்றைய அளவோடு ஒத்துப்போகாது, அந்தப் பூவுக்கு அச்சு இல்லையென்றால் புதிதாக அச்சு அடிக்க வேண்டிவரும் என்று சொன்னேன். படங்கள் வந்தன. பிறகு சப்ளையர் பட்டியலில் சேர்ப்பதற்கான படிவம் வந்தது, ஜி.எஸ்.டி. எண், குறுக்கே கோடு போட்ட செக், இன்னும் என்னென்னவோ. ஆர்டர்? இன்னும் இல்லை. அண்ணன் இதை ஒரு தோல்வி என்றே கருதுகிறார்.

ஆனால் இந்த விவகாரத்தில் பெரும்பாலோர் கோட்டைவிடுகிற இடம் வேறு. எனக்குத் தெரிந்த பலகாரக் கடைக்காரர் ஒருவர் மூலம் அது விளங்கியது. அவருக்குச் சென்னையில் ஒரு பெரிய கடையில் கொள்முதல் பார்த்தவர் பழக்கம். அவர் வேலை மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் இவர் உற்சாகத்தில் வாட்ஸப்பில் எழுதினார்: "வாழ்த்துகள் சார். அந்த நரகத்திலிருந்து தப்பித்தீர்கள். உங்களுக்கு அப்புறம் அங்கே எவன் வந்தாலும் உருப்பட மாட்டான்." அந்த நம்பர் கம்பெனி கொடுத்த சிம். போகிறவர் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "நன்றி. அந்த எவன் நான்தான். திங்கட்கிழமை சேர்ந்தேன்."

கடைக்காரர் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அம்மன் என்ன செய்வாள்? சிம் கார்டு அவள் நிர்வாகத்தில் இல்லை.

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். ஒருவர் வேலை மாறினால் புது வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். போனவருக்கு ஊரே வாழ்த்துச் சொல்கிறது. அவர் விட்டுப்போன நாற்காலியில் வந்து உட்கார்ந்தவருக்கு யாரும் சொல்வதில்லை. அவருக்கும் முதல் வாரம் உண்டு, மூன்றாவது வாரமும் உண்டு. கூடுதலாக, முன்னால் இருந்தவர் பாதியில் விட்ட காரியங்களும் அவர் தலையில் இருக்கும்.

எங்கள் தம்பியின் சென்னை நாற்காலிக்கு வந்தவருக்கும் எழுதினேன். இதில் லாரிக் கதை கிடையாது. அவரை எனக்குத் தெரியாதே. வாழ்த்து ஒரு வரி. பிறகு, எந்த சைட்டுக்கு எந்த அச்சுக் கல், எத்தனை சதுர அடி போயாகிவிட்டது, எத்தனை பாக்கி, கடைசியாகப் பேசிய விலை என்ன, கம்பெனி எங்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு, நாங்கள் மாற்றித் தர வேண்டிய உடைந்த கல் எத்தனை என்று ஒரே பக்கத்தில் எழுதி, "இது உங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை" என்று முடித்தேன். நாங்கள் தர வேண்டியதையும் எழுதியதைத்தான் அண்ணன் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் புதியவர் மத்தியானமே கூப்பிட்டார். அவரிடம் அந்த விவரத்தை அதுவரை யாரும் ஒழுங்காக எழுதிக் கொடுக்கவில்லையாம்.

எனவே, தெரிந்தவர் ஒருவர் வேலை மாறினார் என்று கேள்விப்பட்டால், முதலில் அவருடைய சொந்த நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்தை வாலில்லாமல் அனுப்புங்கள். கையோடு அந்தப் பழைய நாற்காலிக்கு யார் வந்திருக்கிறார் என்று விசாரித்து, அவருக்கும் நாலு வரி எழுதுங்கள். தை பிறந்து எங்கள் பட்டறையிலிருந்து கிளம்பிய முதல் லாரி அவர் சைட்டுக்குத்தான் போனது.